வக்கீல் நோட்டீஸுக்கு வாடகைக்காரர் பதில் எழுதுவது எப்படி: தேதியும் தொகையும் மட்டும்

2024 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மத்தியானம். அத்தான் ஒரு கவரைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா கொழிஞ்சாம்பாறையில் அவருக்கு ஒரு தையல் கடை, வாடகைக் கட்டடம். எனக்கு அதே ரோட்டில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. மனுவும் ஒப்பந்தமும் தட்டிக்கொடுத்துப் பழகிய கை என்பதால் சொந்தத்தில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். கவருக்குள் மலையாளத்தில் இரண்டு பக்கம். அத்தானுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. "வாடக குடிஸ்ஸிக" என்று நான் படித்ததுமே, "பாக்கியா? யாரு பாக்கி?" என்று எகிற ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கோபத்தோடே ஒரு பதிலும் சொன்னார். நான் தட்டவில்லை. ஐந்து வருஷமாக உங்கள் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது நான், ஓடு மாற்றியது நான், உங்கள் மகன் கல்யாணத்துக்கு ராத்திரி பகலாகத் தைத்துக் கொடுத்தது நான் என்று போனது அது. எல்லாமே உண்மைதான். ஆனால் நோட்டீஸ் கேட்ட கேள்வி எதற்கும் அதில் பதில் இல்லை. அடுத்த ஒரு வாரத்தில் நாங்கள் செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன். எங்கள் கணக்கு எங்களுக்கு, உங்கள் கணக்கு வேறாக இருக்கும், ஆனால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

முதலில் கவர், அப்புறம்தான் கடிதம்

நோட்டீஸைப் படிக்கும் அவசரத்தில் கவரைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். அனுப்பிய தேதி, பதிவு எண், ஒட்டிய தபால் கட்டணம் எல்லாம் அதில்தான் இருக்கும், மூன்றுமே பின்னால் வேண்டும். கையில் கிடைத்த தேதியைக் கவரின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். இந்தியா போஸ்ட் இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் பட்டுவாடா ஆன தேதி வரும், அதை அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வைப்பது நல்லது.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கேரளத்தில் வாடகைப் பாக்கியைக் காட்டிக் காலி செய்யச் சொல்லும் வழக்குக்கு 1965ஆம் ஆண்டு கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 11(2)(பி) பிரிவு ஒரு முன்நிபந்தனை வைத்திருக்கிறது. ஓனர் முதலில் பதிவுத் தபாலில் பாக்கியைத் தெரிவிக்க வேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாடகைக்காரர் பாக்கியையும், அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையும், நோட்டீஸ் அனுப்பிய தபால் செலவையும் கொடுத்துவிட்டால் அந்தக் காரணத்தை வைத்து வழக்குப் போட முடியாது. கொடுக்காவிட்டால்தான் போடலாம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. மறுத்த நாளிலிருந்தே அந்த 15 நாள் ஓடும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆக, வாங்காதவருக்கு மிச்சம் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவதுதான்.

எங்களுக்கு நவம்பர் 8இல் வந்தது, 23ஆம் தேதி கடைசி. 14ஆம் தேதிக்குள் பணமும் பதிலும் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். கடைசி நாளில் சர்வர் கிடைக்கவில்லை, தபால் ஆபீஸ் லீவு என்பதெல்லாம் நம்முடைய கவலை, சட்டத்தின் கவலை இல்லை.

இன்னொன்று. பொள்ளாச்சியிலிருந்து அக்காவுக்குப் போன் போட்ட சொந்தக்காரர் ஒருவர், "ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணலைன்னா ஓனர் கேஸே போட முடியாது, புதுச் சட்டம்" என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கம் அது வராது. கட்டடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான். (நம்ம சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திராச் சித்தூரில் இருந்து படிக்கிறவர்களுக்கு அங்கே வேறு சட்டம், 15 நாள், 6 சதவீதம் என்ற இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.) கேரளத்துக்குள்ளேயும் அரசு அறிவித்த பகுதிகளில்தான் 1965 சட்டம் செல்லும். எங்கள் நோட்டீஸே 11(2)(பி) என்று குறிப்பிட்டிருந்ததால் நாங்கள் அதன்படியே போனோம்.

நோட்டீஸைத் துண்டு துண்டாக வெட்டுங்கள்

நோட்டீஸை ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஓர் எண் போட்டேன். அதில் பாதி வக்கீல் ஆபீஸின் வழக்கமான பாட்டு, "என் கட்சிக்காரர் பலமுறை கேட்டும்" என்கிற மாதிரி. அதையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் ஐந்தே விஷயம்:

1. 2024 ஜூன் முதல் வாடகை மாதம் 7,500 ரூபாய் என்று வாய்மொழியாக ஒப்புக்கொள்ளப்பட்டது.
2. ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாத வாடகை பாக்கி, மொத்தம் 37,500.
3. கரன்ட் பில் பாக்கி 2,840.
4. நோட்டீஸ் செலவு 3,000.
5. 15 நாளில் கடையைக் காலி செய்து சாவி தர வேண்டும்.

பதிலிலும் ஐந்து பத்திதான் இருக்க வேண்டும், இதே வரிசையில். ஆறாவதாகச் சுண்ணாம்புக் கதை வரக் கூடாது. ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டால் பின்னால் "அன்றைக்கே மறுக்கவில்லையே" என்று கேட்பார்கள். மறுக்க வேண்டியதை மறுங்கள், ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

பதிவேடு: ஒரு வரிக்கு ஒரு மாதம்

இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது, ஒரு முழு சனிக்கிழமை ராத்திரி. அத்தான் ஞாபகத்திலிருந்து சொல்வது ஒன்று, போனில் இருப்பது இன்னொன்று. ஞாபகத்தை நம்பாமல் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்தோம். ஒப்பந்தம் 2023 ஏப்ரல் 1இலிருந்து 11 மாதத்துக்கு, மாதம் 6,500, ஒவ்வொரு மாத வாடகையும் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள். 2024 பிப்ரவரியில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. புதுக் காகிதம் போடவில்லை, பழைய வாடகையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நோட்டீஸ் சொன்ன ஐந்து மாதமும் இப்படி வந்தது:

- ஜூன் வாடகை: ஜூலை 8, ஜிபே, 6,500.
- ஜூலை வாடகை: ஆகஸ்ட் 12, ஜிபே, 6,500. இரண்டு நாள் தாமதம்.
- ஆகஸ்ட் வாடகை: செப்டம்பர் 13, ரொக்கம், 6,500. ஓனரின் மகனிடம் கொடுத்தது, ரசீது இல்லை. மூன்று நாள் தாமதம்.
- செப்டம்பர் வாடகை: அக்டோபர் 14, ஜிபே, 5,000 மட்டும். நான்கு நாள் தாமதம், 1,500 பாக்கி.
- அக்டோபர் வாடகை: நவம்பர் 10 வரை கெடு இருக்கிறது. நோட்டீஸ் தேதியோ நவம்பர் 4.

கடைசி வரியைப் பார்த்ததும் அத்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. கெடு வராத வாடகையைப் பாக்கி என்று கூட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி தப்பு நோட்டீஸ்களில் சாதாரணம். ஓனர் வாயால் சொன்னதை வக்கீல் எழுதிக்கொள்கிறார், காலண்டரை யாரும் திருப்புவதில்லை. அன்று நவம்பர் 9. அந்த ராத்திரியே அக்டோபர் வாடகை 6,500ஐ அனுப்பச் சொன்னேன். 10ஆம் தேதிக்கு முன்னால் போய்விட்டதால் அந்த மாதம் பாக்கிக் கணக்கிலேயே வரவில்லை.

செப்டம்பர் வரியில்தான் கை நின்றது. தீபாவளி நெருங்கிய நேரம், துணி எடுக்கக் காசு தேவைப்பட்டது, 1,500ஐ அப்புறம் தருகிறேன் என்று அத்தான் விட்டிருக்கிறார், பிறகு மறந்தே போய்விட்டார். "அதைச் சொல்லாமல் விட்டுட்டா என்ன?" என்று கேட்டார். விட்டால் என்ன ஆகும்? ஓனரின் பாஸ்புக்கில் 5,000 என்று இருக்கிறது. நாம் 6,500 கொடுத்ததாக எழுதி, அது பொய் என்று ஆகிவிட்டால், ஆகஸ்ட் ரொக்கம் கொடுத்தோம் என்று சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ரசீது இல்லாத 6,500ஐ நம்பவைக்க இந்த 1,500ஐ நேராக ஒப்புக்கொள்வதுதான் வழி.

ரொக்கம் கொடுத்த மாதம்

ரசீது இல்லையென்றால் ரசீது இல்லை என்றே எழுத வேண்டும். "வழக்கம்போல் ரசீது தரவில்லை" என்று குத்தவும் வேண்டாம். அத்தானிடம் இருந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. கொடுத்த அன்றைக்கு மாலை 7.42க்கு ஓனருக்கு, "ஆகஸ்ட் வாடகை 6500 தம்பிகிட்ட குடுத்துட்டேன்" என்று அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான். ஆனால் தேதி, தொகை, மாதம் மூன்றும் அந்த ஒரு வரியில் இருந்தன. இதே அத்தான் மற்ற மாதங்களில் ஜிபே குறிப்பில் ஒன்றுமே எழுதியதில்லை.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம், பிரிண்ட்டும் எடுத்தோம், ஆனால் போனிலிருந்து அந்த உரையாடலை அழிக்கக் கூடாது, போனையே மாற்றினாலும் பழைய போனை வைத்திருக்க வேண்டும். வழக்கு என்று போனால் மின்னணுப் பதிவைச் சான்றாகக் காட்ட, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டியிருக்கும். வெறும் பிரிண்ட் போதாது. பதில் கடிதத்துக்கு இப்போதைக்குப் பிரிண்ட் போதும்.

"பார்க்கலாம்" என்ற சொல்

7,500 விஷயம் கொஞ்சம் சிக்கல். மே மாதம் ஓனர் கடைக்கு வந்து, "ஜூன் முதல் ஏழரையாக்கிரலாம்" என்று சொன்னது உண்மை. அத்தான் என்ன சொன்னார்? "பார்க்கலாங்க" என்றாராம். நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லுபவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஓனர் சரி என்று எடுத்துக்கொண்டார், அத்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அதனால் "வாடகை உயர்வு பற்றிப் பேச்சே நடக்கவில்லை" என்று எழுதினால் பொய். "பார்க்கலாம் என்றேன்" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நாங்கள் எழுதியது: மே மாதம் உயர்வு கேட்கப்பட்டது, நான் ஒப்புக்கொள்ளவில்லை, எழுத்து எதுவும் இல்லை. அதற்குப் பிறகு 6,500 வீதம் செலுத்திய தேதிகள் இவை, அவை எந்த மறுப்பும் இல்லாமல் பெற்றுக்கொள்ளப்பட்டன. கடைசி வாக்கியம்தான் பலமானது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் 6,500 வாங்கிக்கொண்டு "ஆயிரம் குறைகிறதே" என்று ஒரு செய்திகூட ஓனர் அனுப்பவில்லை.

இதில் ஓர் ஆபத்து உண்டு, மறைக்க விரும்பவில்லை. நாளைக்கே கோர்ட் வாடகை 7,500தான் என்று முடிவு செய்தால், நாம் 15 நாளுக்குள் கொடுத்தது குறைவு என்று ஆகிவிடும். அப்போதும் கதவு முழுவதுமாக மூடாது. காலி செய்ய உத்தரவு வந்தாலும், உத்தரவு தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் பாக்கி, வட்டி, வழக்குச் செலவு எல்லாவற்றையும் கட்டினால் அந்த உத்தரவை நீக்கிக்கொள்ள 11(2)(சி) இடம் தருகிறது. வித்தியாசத் தொகை சின்னது, சண்டை போடும் தெம்பு இல்லை என்பவர்கள் அதையும் ஆட்சேபத்தோடு கட்டிவிடுவது உண்டு. ஆனால் கட்டியபின் அதுவே வாடகை என்று நிலைத்துவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது. இந்த ஓர் இடத்துக்காவது ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டோம், அவர் 6,500லேயே நிற்கலாம் என்றார்.

ஒப்புக்கொள்ளும் தொகையை எழுதும் முன்

வழக்கு வந்தால், தான் ஒப்புக்கொண்ட பாக்கியைக் கட்டாமல் வாடகைக்காரர் எதிர்வாதம் செய்ய முடியாது என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. பதிலில் எழுதும் எண்தான் பின்னால் "நீங்களே ஒப்புக்கொண்டது" என்று முன்னால் வந்து நிற்கும். அதனால் "சுமார்", "கிட்டத்தட்ட", "இரண்டு மூன்று மாதம் இருக்கலாம்" எல்லாம் வேண்டாம். எங்கள் எண் 1,500. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

வட்டி: 1,500க்கு அக்டோபர் 10 முதல் நவம்பர் 14 வரை 35 நாள். 1,500 × 6 ÷ 100 × 35 ÷ 365 = 8.63 ரூபாய். தாமதமாகக் கொடுத்த மூன்று தவணைக்கும் கணக்குப் போட்டால் ஜூலைக்கு 2.14, ஆகஸ்டுக்கு 3.21, செப்டம்பரின் 5,000க்கு 3.29. எல்லாம் சேர்த்து 17.27. இருபது ரூபாயாக்கினோம். இவ்வளவு சின்னக் காசுக்கு இவ்வளவு கணக்கா என்று அக்கா சிரித்தாள். ஆனால் வட்டி குறைவு என்று ஒரு வழக்கே நிற்கலாம், இரண்டே முக்கால் ரூபாய் கூடுதலாகப் போனால் எந்த வழக்கும் நிற்காது. கவரில் இருந்த தபால் கட்டணம் 40. ஆக 1,560.

நவம்பர் 14 காலையில் ஓனரின் கணக்குக்கு அனுப்பினோம். குறிப்பில் "செப் 2024 வாடகை பாக்கி 1500, வட்டி 20, தபால் 40" என்று எழுதி. குறிப்பு அவசியம். எதற்கான பணம் என்று கொடுப்பவர் சொல்லாவிட்டால், வாங்குபவர் தன் விருப்பப்படி எந்தப் பழைய பாக்கியிலும் வரவு வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அக்டோபர் வாடகை என்று நீங்கள் நினைத்து அனுப்பியதை, 7,500 கணக்கின் ஜூன் பாக்கியில் அவர்கள் போட்டுக்கொள்ளும் வழி அது. ஓனர் ஜிபேயில் பிளாக் செய்துவிட்டால் அவரது பேங்க் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். கணக்கு எண்ணே தெரியாவிட்டால் மணியார்டர் அனுப்பி, அவர் வாங்க மறுத்தால் திரும்பி வந்த காகிதத்தை அப்படியே எடுத்து வையுங்கள். கொடுக்கப் போனோம் என்பதற்கு அதுதான் சான்று.

அட்வான்ஸ் 30,000 ஓனரிடம் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமே என்று அத்தான் கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லாதவரை அதை நம்பி 15 நாளை விடக் கூடாது. அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறது என்ற உண்மையை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள், கழிக்கச் சொல்லாதீர்கள்.

பதில் கடிதம்

வக்கீல் பெயருக்கு, ஓனருக்கு ஒரு நகல். நாமே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம், இதற்கு வக்கீல் கட்டாயம் இல்லை. தமிழில் எழுதி, அத்தான் படித்துச் சரி என்ற பிறகு இங்கிலீஷில் தட்டினேன். தான் கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. தமிழ் மூலம் இது:

> ஐயா,
>
> தங்கள் கட்சிக்காரர் சார்பில் 04.11.2024 தேதியிட்டு அனுப்பிய நோட்டீஸ் 08.11.2024 அன்று எனக்குக் கிடைத்தது. அதற்கு என் பதில்:
>
> 1. மாத வாடகை 6,500 ரூபாய். இது 01.04.2023 ஒப்பந்தத்தில் உள்ளது. 2024 மே மாதம் 7,500 ஆக உயர்த்தக் கேட்கப்பட்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்துப்பூர்வமாக எதுவும் இல்லை. அதன் பிறகும் 6,500 வீதம் செலுத்தி வந்தேன், அது எந்த மறுப்பும் இல்லாமல் பெற்றுக்கொள்ளப்பட்டது.
>
> 2. ஐந்து மாத பாக்கி என்பது சரியல்ல. ஜூன் வாடகை 08.07.2024, ஜூலை வாடகை 12.08.2024 ஆகிய தேதிகளில் தலா 6,500 வங்கி வழியாகச் செலுத்தப்பட்டது. ஆகஸ்ட் வாடகை 6,500 ரொக்கமாக 13.09.2024 மாலை தங்கள் கட்சிக்காரரின் மகனிடம் கொடுக்கப்பட்டது. ரசீது பெறவில்லை. அன்று மாலை 7.42க்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் அதற்கு வந்த பதிலும் இணைப்பு 1இல் உள்ளன. செப்டம்பர் வாடகையில் 5,000 ரூபாய் 14.10.2024 அன்று செலுத்தப்பட்டது. அதில் 1,500 பாக்கி இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். அக்டோபர் வாடகைக்கு 10.11.2024 வரை கெடு உள்ளது. அது 09.11.2024 அன்று செலுத்தப்பட்டது. மேற்படி 1,500, வட்டி 20, நோட்டீஸ் தபால் செலவு 40, ஆக 1,560 ரூபாய் 14.11.2024 அன்று தங்கள் கட்சிக்காரரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. இத்துடன் என்னிடமிருந்து வாடகை பாக்கி எதுவும் இல்லை.
>
> 3. கரன்ட் பில் 2,840 ரூபாய் 11.10.2024 அன்று என்னால் கட்டப்பட்டது. ரசீது இணைப்பு 2இல்.
>
> 4. நோட்டீஸ் செலவு 3,000 கொடுக்க நான் ஒப்பந்தம் எதுவும் செய்யவில்லை. தபால் செலவு மேலே செலுத்தப்பட்டது.
>
> 5. பாக்கி இல்லாததால் காலி செய்யக் கோருவதை ஏற்கவில்லை. அட்வான்ஸ் தொகை 30,000 தங்கள் கட்சிக்காரரிடம் உள்ளது.
>
> இனி வரும் வாடகையை ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் அதே வங்கிக் கணக்கில் செலுத்துவேன்.

இதில் "பொய்" என்ற சொல் எங்கும் இல்லை, "சரியல்ல" என்றுதான் இருக்கிறது. "மிரட்டுகிறார்", "பேராசை", "கடவுள் பார்த்துக்கொள்வார்" இல்லை. அதெல்லாம் வேண்டாம் என்பதற்குப் பெருந்தன்மை காரணம் அல்ல. இந்தக் கடிதத்தைப் பின்னால் முன்சிப் படித்தால் அவர் கண் தேடுவது தேதியைத்தான், நடுவில் ஒரு வசவு இருந்தால் அதில்தான் முதலில் போய் நிற்கும். "இரண்டு மாதம் டைம் கொடுங்கள், பார்க்கிறேன்" என்ற வரியும் கூடாது. காலி செய்ய ஒத்துக்கொண்டதாக அதைப் படிக்க இடம் இருக்கிறது. உங்களுக்கே காலி செய்யும் எண்ணம் இருந்தால் அதை வேறு கடிதத்தில், அட்வான்ஸ் திரும்பும் தேதியோடு சேர்த்துப் பேசுங்கள்.

நோட்டீஸில் பாக்கியோடு வேறு காரணமும் இருந்தால், அதாவது ஓனருக்கே கடை தேவை என்றோ, நீங்கள் வேறொருவருக்கு உள்வாடகை விட்டுவிட்டீர்கள் என்றோ இருந்தால், பணம் கட்டுவதால் அது தீராது. அவை தனித்தனிப் பிரிவுகள், தனிப் பதில் வேண்டும், அப்போது நிச்சயமாக வக்கீல் வேண்டும். பணம் இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே கிடைக்கும். கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு ஆபீஸ் எது என்று கேட்டால் காட்டுவார்கள்.

அனுப்புவதும் அடுக்கி வைப்பதும்

இணைப்புகளுக்கு 1 முதல் எண் போட்டு, கடிதத்திலும் அதே எண்ணைக் குறித்தோம். எல்லாம் நகல்தான், மூலம் எதையும் அனுப்பக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் அத்தான் கையெழுத்து. எங்களுக்கென்று ஒரு முழு செட். நாங்கள் அன்றைக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் இப்போது கவுன்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லி, பதிவும் பட்டுவாடா சான்றும் வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். வக்கீல் ஆபீஸுக்கு மெயில் முகவரி நோட்டீஸ் தலைப்பில் இருந்தால் அதற்கும் ஒரு பிரதி அனுப்பலாம், ஆனால் தபாலுக்குப் பதிலாக அல்ல.

நவம்பர் 18இல் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, வக்கீல் ஆபீஸ் முத்திரையோடு. அதைப் பதில் நகலோடு பின் அடித்து, பழைய கவர், ஸ்டேட்மென்ட், கரன்ட் ரசீது எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். அத்தானிடம் கொடுத்தால் அடுத்த தைப் பொங்கலுக்கு அளவு எழுதும் காகிதமாகிவிடும்.

டிசம்பர் 9 காலையில் நவம்பர் வாடகை போனது. குறிப்பில் "நவ 2024 வாடகை 6500" என்று அத்தானே தட்டியிருந்தார். நான் சொல்லவில்லை.